ஒரே மாவட்டம், இரண்டு காலநிலை: குமரியின் மண்டலத்தை நாமே கணக்கிடுவது எப்படி?

அகஸ்தீஸ்வரம் பக்கம் இரண்டு ஏக்கர் நிலம் வாங்கிய நண்பர் ஒருவர் போன வருடம் என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, தமிழ்நாட்டை ஏழு வேளாண் காலநிலை மண்டலங்களாகப் பிரித்ததில், நம் மாவட்டம் முழுவதும் அதிக மழை மண்டலம் என்று போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் மாறாமலையில் விளைகிற கிராம்பு என் நிலத்திலும் வருமா?" என்று கேட்டார்.

அந்தப் பட்டியலில் இருப்பது உண்மைதான். ஏழு மண்டலங்களில் அதிக மழை மண்டலம் என்பது கன்னியாகுமரி மாவட்டம் மட்டுமே. ஆனால் கன்னியாகுமரியில் பஸ் ஏறி நாகர்கோவில், தக்கலை வழியாகக் குலசேகரம் போனவர்களுக்குத் தெரியும். புறப்படும் இடத்தில் ஜன்னலுக்கு வெளியே பனைமரம், இறங்கும் இடத்தில் ரப்பர் தோட்டம். இடையில் இருப்பது ஐம்பது கிலோமீட்டர் போலத்தான். ஒரே பெயர் இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும்? நிர்வாக வசதிக்காக மாவட்ட எல்லையோடு போட்ட கோடு அது. மழையும் வெப்பமும் தாலுகா அலுவலகத்தைக் கேட்டுப் பெய்வதில்லை.

நிலத்தின் உண்மையான மண்டலத்தைக் கண்டுபிடிக்க ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1846-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து, ஜெர்மனியில் பணியாற்றிய விளாதிமீர் கோப்பன் உருவாக்கியது. பிற்காலத்தில் ருடால்ஃப் கைகர் அதைத் திருத்தினார். கோப்பன் தாவரவியலும் அறிந்தவர். எந்தச் செடி எங்கே உயிர் வாழ்கிறது, எங்கே நின்றுபோகிறது என்று பார்த்து, அந்த எல்லைகளுக்குப் பக்கத்தில் வரும் எண்களைத் தன் கோடுகளாக எடுத்துக்கொண்டார். அதனால்தான் கிராம்பா பனையா என்ற கேள்விக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பதில் சொல்கிறது. பேனாவும் காகிதமும் பெருக்கல் வாய்ப்பாடும் போதும்.

முதல் வேலை: பன்னிரண்டு எண்களை ஒழுங்காகச் சேர்ப்பது

உங்களுக்கு வேண்டியவை மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு மழை எண்களும், பன்னிரண்டு வெப்ப எண்களும். நேற்று எவ்வளவு பெய்தது, இந்த ஆடியில் காற்று எப்படி அடித்தது என்பதெல்லாம் வானிலை. அவை முப்பது வருடம் சேர்ந்து சராசரியாகும்போதுதான் காலநிலை. உலக வானிலை அமைப்பு முப்பது வருடத்தை அளவாக வைத்திருக்கிறது. இப்போது நடப்பில் இருப்பது 1991 முதல் 2020 வரையிலான சராசரி.

வெப்பத்தைச் சேர்ப்பது எளிது. ஒரு நாளின் அதிகபட்சம் 32 டிகிரி, குறைந்தபட்சம் 24 டிகிரி என்றால் அந்த நாளின் சராசரி 28. இப்படி ஒரு மாதத்தின் நாட்களைச் சராசரியாக்கி, பிறகு முப்பது வருடத்தின் அதே மாதத்தைச் சராசரியாக்க வேண்டும். அதிகபட்ச எண்ணை மட்டும் எடுத்துக் கணக்குப் போடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. அப்படிச் செய்தால் நிலம் உண்மையைவிட வறண்டதாக விடை வரும்.

மழை வேறு மாதிரி. ஒரு மாதத்தின் மழையைச் சராசரியாக்கக் கூடாது, கூட்ட வேண்டும். ஒரு ஜூன் மாதம் முழுவதும் பெய்தது எத்தனை மில்லிமீட்டர் என்ற மொத்தம் முதலில். அப்படி முப்பது ஜூன்களின் மொத்தங்களைச் சேர்த்து முப்பதால் வகுத்தால் ஜூனின் எண் கிடைக்கும்.

இந்த வகுத்தல் என்ன செய்கிறது என்பதைத் தூத்துக்குடி மாவட்டத்தில் பார்க்கலாம். 2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 946 மில்லிமீட்டர் பெய்தது. அந்தப் பகுதிக்கு ஒரு வருடத்தில் வழக்கமாகக் கிடைப்பதைவிட அதிகம். ஊர் மிதந்தது, ரயில் நின்றது. ஆனால் முப்பது வருடச் சராசரியில் அந்த ஒரு நாள் டிசம்பர் எண்ணில் கூட்டுவது 946-ஐ முப்பதால் வகுத்து வரும் 31 மில்லிமீட்டர் சொச்சம்தான். அந்த வெள்ளத்தைப் பார்த்தவர் யாரும் அந்தப் பகுதியை மழை வளம் மிக்கது என்று சொல்லிவிட மாட்டார், கணக்கும் சொல்வதில்லை. அதே நேரம், ஐந்து வருடப் பதிவை மட்டும் வைத்துச் சராசரி போட்டால் அந்த ஒரு நாளே டிசம்பரை 189 மில்லிமீட்டர் உயர்த்திவிடும். குறுகிய பதிவை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

பழைய குறிப்பேடு கையில் இருந்தால்

குமரியில் தோட்டம் வைத்திருந்த குடும்பங்கள் பலவற்றில் மழைக் குறிப்பேடு இருக்கும். என் தாத்தா எழுதி வைத்ததும் ஒன்று என்னிடம் இருக்கிறது. நீல மை, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மாதம், காலையில் குடுவையைப் பார்த்து எழுதிய எண். நாள் தவறாமல் எழுதியவர். இருந்தும் அதைக் கணக்கில் எடுத்தபோது இரண்டு இடங்களில் தடுமாறினேன்.

ஒன்று, மாதங்கள். 1956 நவம்பர் 1-க்கு முன் இந்த மண் திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. பழையவர்கள் கொல்லம் ஆண்டில்தான் எழுதினார்கள். 'இடவம்' என்று தலைப்பிட்ட பக்கம் மே மாதமும் அல்ல, ஜூன் மாதமும் அல்ல. மே நடுவில் தொடங்கி ஜூன் நடுவில் முடிவது. இடவப்பாதி மழை வருவதே அந்த மாதத்தின் பாதியில், ஏறக்குறைய ஜூன் தொடக்கத்தில். அந்தப் பக்கத்தை அப்படியே மே என்று எழுதினால் பருவமழையின் தொடக்கம் மே கணக்கில் போய்விழும். நாள் நாளாக ஆங்கிலத் தேதிக்கு மாற்றிய பிறகுதான் கூட்ட வேண்டும்.

இரண்டாவது, கோடுகள். சில நாட்களில் எண்ணுக்குப் பதில் சிறு கோடு இருந்தது. மழை இல்லை என்று நினைத்து நான் பூஜ்யமாக எடுத்தேன். பிறகு பார்த்தால், மழை இல்லாத நாட்களுக்குத் தாத்தா வேறாக '0' என்றே எழுதியிருந்தார். கோடு என்றால் அன்று யாரும் குடுவையைப் பார்க்கவில்லை. கோட்டுக்கு அடுத்த நாளின் எண் வழக்கத்துக்கு மாறாகப் பெரிதாக இருந்தால், இரண்டு நாள் தண்ணீர் ஒன்றாக அளக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். அப்போது மாத மொத்தம் கெடாது. குடுவை நிரம்பி வழிந்ததாகக் குறிப்பு இருந்தாலோ, வாரக்கணக்கில் கோடாகவே போனாலோ, அந்த மாதத்தை அந்த வருடத்திலிருந்து விட்டுவிடுங்கள். அந்த மாதத்துக்கு மட்டும் முப்பதுக்குப் பதில் இருபத்தொன்பதால் வகுக்கலாம். இல்லாததைப் பூஜ்யமாக்கினால் நிலம் பொய்யாக வறண்டுவிடும்.

எல்லாம் சேர்த்த பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். பன்னிரண்டு மாத எண்களையும் கூட்டினால், வருடச் சராசரியோடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். பெரிய வித்தியாசம் வந்தால் எங்கேயோ சென்டிமீட்டரும் மில்லிமீட்டரும் கலந்திருக்கிறது. செய்தித்தாள்கள் மழையைச் சென்டிமீட்டரில் எழுதுவது வழக்கம், இந்தக் கணக்குக்கு மில்லிமீட்டர் வேண்டும்.

கணக்கைப் போடுவோம்

இரண்டு இடங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று முனையை ஒட்டிய கிழக்குப் பக்கம், மற்றொன்று மேற்கே மலையடிவாரம். கீழே வரும் எண்கள் அந்தப் பகுதிகளின் போக்கை ஒட்டி, கணக்குப் பழகுவதற்காக நானே அமைத்தவை. எந்த நிலையத்தின் பதிவும் அல்ல. உங்கள் இடத்தின் எண்களை இவற்றின் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி முதல் டிசம்பர் வரை, மில்லிமீட்டரில்:

```
கிழக்கு: 20 20 40 60 50 60 30 25 40 170 190 75
மேற்கு: 25 40 80 170 200 300 220 170 190 330 250 100
```

கிழக்கின் வருட மொத்தம் 780, வருடச் சராசரி வெப்பம் 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மேற்கின் மொத்தம் 2,075, வெப்பம் 26.5 டிகிரி.

முதல் கேள்வி, நிலம் வறண்டதா? மழை இவ்வளவு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வறண்டது என்று ஒரே எண்ணை எல்லா ஊருக்கும் கோப்பன் வைக்கவில்லை. வெப்பம் கூடக் கூட மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் நீர் ஆவியாகிப் போவது கூடும். எனவே சூடான ஊருக்கு அதிக மழை வேண்டும் என்று கோட்டை வெப்பத்தோடு கட்டினார். T என்பது வருடச் சராசரி வெப்பம் என்றால், வருட மழையில் எத்தனை சதவீதம் எந்தப் பாதியில் பெய்கிறது என்பதைப் பொறுத்து, மில்லிமீட்டரில் வறட்சிக் கோடு இது:

```
கோடையில் 70% அல்லது அதற்கு மேல்: 20 × T + 280
குளிரில் 70% அல்லது அதற்கு மேல்: 20 × T
இரண்டும் இல்லையென்றால்: 20 × T + 140
```

இங்கே கோடை என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதம், குளிர் என்பது அக்டோபர் முதல் மார்ச் வரை. நம் ஊர்க் கணக்கில் கோடை என்றால் பங்குனி, சித்திரை. அந்தப் பழக்கத்தில் மார்ச்சைக் கோடையில் சேர்த்துவிடாதீர்கள்.

கிழக்கில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பெய்தது 265 மில்லிமீட்டர். மொத்தத்தில் 34 சதவீதம். மீதி 66 சதவீதம் குளிர் பாதியில். இரண்டுமே எழுபதைத் தொடவில்லை, ஆகவே மூன்றாவது வரி. இருபது பெருக்கல் 28 என்றால் 560, அதோடு 140 சேர்த்தால் 700. மழை 780. கோட்டுக்கு மேலே எண்பது மில்லிமீட்டர்தான்! அதிக மழை மண்டலம் என்று பெயர் பெற்ற மாவட்டத்தின் ஒரு மூலை, வறண்ட நிலத்துக்கு இத்தனை அருகில் நிற்க முடியும். இரண்டு ஐப்பசி நல்ல மழைகள் தவறினால் அந்த வருடங்களில் மழை கோட்டுக்குக் கீழே போய்விடும். நீண்ட காலச் சராசரியே அப்படிக் கீழே இறங்கினால், கோப்பன் மண்டலத்துக்குத் தரும் எழுத்து, வறண்ட நிலத்துக்குரிய B-ஆக மாறும். மழை, கோட்டின் பாதிக்கும் கீழ் என்றால் பாலைவனம், பாதிக்கும் முழுக்கோட்டுக்கும் நடுவில் என்றால் அரை வறள் நிலம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். குளிர் பாதியில் எழுபது சதவீதம் பெய்தால் கோடு 560-க்கு இறங்கிவிடுகிறது. குளிரில் பெய்த நீர் ஆவியாகாமல் மண்ணில் தங்கும் என்பது அதற்குக் காரணம். ஐரோப்பாவில் அது சரி. நம் அக்டோபரோ ஏறக்குறைய ஏப்ரலைப் போலவே வெதுவெதுப்பானது. ஆகவே கிழக்கின் எண்கள் 66-லிருந்து 70 சதவீதத்துக்கு நகர்ந்தால், மண்ணில் எதுவும் மாறாமலே காகிதத்தில் நிலம் ஈரமாகிவிடும். கணக்கின் இந்த ஓரத்தில் நிற்கும் ஊர்களுக்கு எழுத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

மேற்கில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 1,250, அதாவது 60 சதவீதம். அங்கேயும் மூன்றாவது வரிதான். 530-ஓடு 140 சேர்த்தால் 670. மழை 2,075. அங்கே வறட்சி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாவது கேள்வி, வெப்ப மண்டலமா? வருடத்தின் மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி 18 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் A. சமவெளியில் இது உடனே முடிந்துவிடும். முனைப் பக்கத்தில் ஜனவரி சராசரியே 26 டிகிரி அளவில் இருக்கும். மலை ஏறினால் கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி போல வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி 26-லிருந்து 18-க்கு வர ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேலே ஏற வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த முகடுகள் மட்டுமே A-க்கு வெளியே விழும். நம் நிலங்கள் எல்லாம் உள்ளேதான்.

மூன்றாவது கேள்விதான் பனையையும் ரப்பரையும் பிரிப்பது. மிக வறண்ட மாதத்தை எடுங்கள். அதிலேயே 60 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் பெய்தால் அது என்றும் ஈரமான மழைக்காட்டு வகை, Af. இரண்டு இடங்களிலும் அந்த எண் மிகக் குறைவு, ஆகவே Af இல்லை. அடுத்து இந்தச் சிறு சூத்திரம். R என்பது வருட மழை:

```
100 − R ÷ 25
```

மிக வறண்ட மாதத்தின் மழை இந்த எண்ணுக்குக் குறையாமல் இருந்தால் பருவமழை வகை, Am. குறைந்தால் சவன்னா வகை, Aw அல்லது As.

கிழக்கில் 780-ஐ 25-ஆல் வகுத்தால் 31. நூறிலிருந்து கழித்தால் 69. மிக வறண்ட மாதங்களான ஜனவரி, பிப்ரவரியில் பெய்தது தலா 20. போதாது. சவன்னா. மேற்கில் 2,075-ஐ 25-ஆல் வகுத்தால் 83, கழித்தால் 17. ஜனவரியில் பெய்தது 25. போதும். பருவமழை வகை.

கவனித்துப் பாருங்கள். ஜனவரி மழை இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான், 20-உம் 25-உம். ஜனவரியில் மேற்கின் வானமும் கிழக்கின் வானமும் ஒன்றே. வித்தியாசம், இடவப்பாதியும் ஐப்பசியில் வரும் துலாவர்ஷமும் மேற்கின் மண்ணில் சேர்த்து வைத்த நீர். வருட மழை அதிகமென்றால், ஒன்றிரண்டு மாத வறட்சியைக் காடு அந்தச் சேமிப்பில் கடந்துவிடும். சூத்திரம் R-ஐ 25-ஆல் வகுத்துக் கழிப்பதன் பொருள் அதுதான்.

கோடு ஏன் இங்கே விழுகிறது

ஜூனில் தென்மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்கே மலையில் மோதி மேலெழுகிறது, குளிர்கிறது, மழையாகிறது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகள் அந்தச் சரிவில் இருப்பது அதனால்தான். முனைப் பக்கத்தில் காற்றை உயர்த்த அப்படி ஒரு மலைச்சுவர் இல்லை, காற்று மழை தராமலே கடந்துபோகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலைகளுக்கு நடுவே அது வேகம் எடுக்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் சுற்றுகிற அதே மாதங்களில் அங்கே மழை குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவம் இரு பக்கமும் பெய்கிறது. கிழக்குக்கு ஒரு மழைக்காலம்தான் பெரிது, மேற்குக்கு இரண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று நாஞ்சில் நாடு இரண்டு போகம் நெல் எடுத்தது இந்த இரண்டு மழையையும் மலையிலிருந்து வந்த கால்வாய் நீரையும் நம்பித்தான்.

ஒரு சிறு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். சில வரைபடங்களில் தென்முனை Aw என்றும், சிலவற்றில் As என்றும் இருக்கும். மிக வறண்ட மாதம் குளிர் பாதியில் வந்தால் w, கோடைப் பாதியில் வந்தால் s. நம் கிழக்கு எண்களில் பிப்ரவரி 20, ஆகஸ்ட் 25. ஐந்து மில்லிமீட்டர் மாறினால் எழுத்து மாறிவிடும். முப்பது வருடத்தை வேறு இடத்தில் தொடங்கினாலே அந்த ஐந்து மாறும். பல வரைபடங்கள் இரண்டையும் பிரிக்காமல் Aw என்றே எழுதுகின்றன. பயிர் வைக்கும் முடிவுக்கு இந்த வேறுபாடு முக்கியமில்லை. இரண்டு வறண்ட காலங்கள் இருக்கின்றன, தை மாசியில் ஒன்று, ஆடி ஆவணியில் ஒன்று, என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

விடையை எழுதும் முறை

எழுத்தை மட்டும் எழுதி வைக்காதீர்கள். எந்த இடத்தின் பதிவு, எந்த முப்பது வருடம், வறட்சிக் கோட்டுக்கு எவ்வளவு மேலே, மிக வறண்ட மாதம் சூத்திரத்துக்கு எவ்வளவு கீழே என்ற நான்கையும் சேர்த்து எழுதுங்கள். பதிவு எடுத்த இடம் உங்கள் நிலத்திலிருந்து எந்தப் பக்கம், இடையில் மலை இருக்கிறதா என்பதையும் குறியுங்கள். குமரியில் பத்து கிலோமீட்டர் மேற்கே போவது, வேறு மாவட்டங்களில் எழுபது கிலோமீட்டர் போவதற்குச் சமமாக இருக்கலாம். கைபேசியில் தெரியும் எண், பெரும்பாலும் பல கிலோமீட்டர் அகலக் கட்டம் ஒன்றின் மதிப்பீடு. மலையடிவாரமும் கடற்கரையும் அதில் ஒன்றாகக் கலந்திருக்கலாம். மழைக்குடுவை வைத்து அளந்த பதிவு கிடைத்தால் அதையே எடுங்கள்.

நண்பர் தன் நிலத்துக்குப் பக்கத்தில் அளந்த பதிவைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மாலைப்பொழுதில் கணக்கை முடித்தோம். விடை Aw, வறட்சிக் கோட்டுக்குச் சற்றே மேலே. சூத்திரம் கேட்ட எண்ணில் மிக வறண்ட மாதத்தின் மழை பாதிகூட வரவில்லை. கிராம்புக் கன்றுக்குத் தை முதல் பங்குனி வரையும், பிறகு ஆடியிலும் கிணற்று நீர் பாய்ச்சியே தீர வேண்டும், நிழலும் தர வேண்டும். கிணற்றில் மாசியில் எத்தனை அடி நீர் நிற்கும் என்று கேட்டேன். அவர் அதை அளக்கப் போயிருக்கிறார்.